ராமநாதபுரத்திலிருந்து 35 ஐ.ஏ. 176 வரை

கமுதிக் கோயில் வழக்கைப் பேசும் நூல்களின் அடிக்குறிப்புகளில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும். ரோமன் எழுத்தில் அச்சாகியிருப்பதை ஒலிப்படி தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

சங்கரலிங்க நாடன் எதிர் ராஜா ராஜேஸ்வர துரை, (1908) எல்.ஆர். 35 ஐ.ஏ. 176, ஐ.எல்.ஆர். 31 மெட். 236 (பி.சி.)

சட்டம் படிக்காத வாசகர் இந்த இடத்தில் கண்ணை மேலே தூக்கிக்கொண்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார். நூலாசிரியர் ஆதாரம் காட்டியிருக்கிறார், அது போதும் என்ற நினைப்பு. ஆனால் அந்த ஒற்றை வரியில் வழக்கு எங்கே முடிந்தது, எந்த ஆண்டில், கீழே தோற்று மேலே போனது யார், அதை யார் அச்சிட்டார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே இவ்வளவையும் படித்துவிடலாம். படிக்கத் தெரியாவிட்டால் தவறாகவும் படித்துவிடலாம்.

எண்களிலிருந்து தொடங்குவோம். சுருக்கெழுத்துகளுக்கு முன்னால் வருவது தொகுதி எண். பின்னால் வருவது தீர்ப்பு தொடங்கும் பக்கம். 'ஐ.ஏ.' என்பது இண்டியன் அப்பீல்ஸ். இந்தியாவிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன மேல்முறையீடுகளின் தீர்ப்புத் தொடர் அது. முன்னால் நிற்கும் 'எல்.ஆர்.' லா ரிப்போர்ட்ஸ், அதாவது லண்டனில் வெளிவந்த பெரிய வரிசையின் குடும்பப் பெயர். 'ஐ.எல்.ஆர்.' என்பது இண்டியன் லா ரிப்போர்ட்ஸ், 'மெட்.' அதன் மெட்ராஸ் வரிசை. ஆக, இண்டியன் அப்பீல்ஸ் 35ஆம் தொகுதியின் 176ஆம் பக்கம். மெட்ராஸ் வரிசை 31ஆம் தொகுதியின் 236ஆம் பக்கம். நடுவில் காற்புள்ளி இருப்பதால் இரண்டு தீர்ப்புகள் என்று எண்ணக் கூடாது. ஒரே தீர்ப்பு இரண்டு இடங்களில் அச்சாகியிருக்கிறது. இரண்டு முகவரியையும் ஆசிரியர் கொடுத்திருக்கிறார். உங்கள் ஊர் நூலகத்தில் எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் முதல் பொறி. 'ஐ.எல்.ஆர். மெட்.' என்று கண்டதும் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது என்று எழுதிவிடுவார்கள். கடைசியில் அடைப்புக்குள் நிற்கும் 'பி.சி.' பிரிவி கவுன்சிலைக் குறிக்கிறது. மெட்ராஸ் வரிசை தன் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளோடு, சென்னை மாகாணத்திலிருந்து லண்டன் போய் முடிந்த வழக்குகளையும் அச்சிட்டது. தொடரின் பெயர் வழக்கு எந்த மாகாணத்தது என்று சொல்கிறது. தீர்ப்பைச் சொன்னது எந்த மன்றம் என்பதை அடைப்புக்குறி சொல்கிறது. அந்த இரண்டு எழுத்தை விட்டுவிட்டு மேற்கோள் காட்டிய நூலிலிருந்து இன்னொரு நூல் எடுத்தாளும்போது, லண்டனில் சொன்ன சொல் சென்னையில் சொன்னதாக மாறிப்போகிறது.

ஆண்டைச் சரிபார்க்கவும் ஒரு வழி உண்டு. இண்டியன் அப்பீல்ஸ் 1870களின் நடுவில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு தொகுதியாக 1950இல் 77ஆம் தொகுதியோடு முடிந்தது. தொகுதி எண்ணோடு 1873ஐக் கூட்டினால் ஆண்டு வரும்: 35 + 1873 = 1908. மெட்ராஸ் வரிசைக்கு 1877ஐக் கூட்ட வேண்டும்: 31 + 1877 = 1908. இரண்டு கணக்கும் ஒரே ஆண்டில் வந்து நிற்கின்றன, அடிக்குறிப்பும் அதையே சொல்கிறது. வரி நம்பத் தகுந்தது. அச்சுக்கோப்பவர் 35ஐ 53 என்று மாற்றிப் போட்டிருந்தால் கணக்கு 1926 என்று காட்டும், உடனே சந்தேகம் வரும். இந்தக் கூட்டல் கொஞ்சம் தளர்வானது. மெட்ராஸ் வரிசையின் முதல் சில தொகுதிகள் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் பரவியிருக்கின்றன. 1936இல் 59ஆம் தொகுதியோடு எண்வரிசையும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஆண்டே தொகுதியின் பெயர். தவிர, கணக்கு தருவது அச்சான ஆண்டு. தீர்ப்பு அதற்கு முந்தைய ஆண்டின் கடைசியில் வந்ததாகவும் இருக்கலாம். ஓராண்டு வித்தியாசம் இயல்பு. பத்தாண்டு வித்தியாசம் பிழை.

இனி பெயர்கள். 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலரான ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். நாடார்களுக்கு உள்ளே வர உரிமையில்லை என்று 1899இல் கீழ் நீதிமன்றம் சொன்னது. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஆனால் அடிக்குறிப்பில் சங்கரலிங்க நாடன் பெயர் முதலில் நிற்கிறது, சேதுபதி தரப்பு பின்னால் நிற்கிறது. மேல்முறையீட்டில் முதலில் எழுதப்படுபவர் மேலே வந்தவர், அதாவது கீழே தோற்றவர். வழக்கின் தலைப்பைப் பார்த்தே உயர் நீதிமன்றத்தில் நாடார்கள் தோற்றார்கள் என்று சொல்லிவிடலாம். பிரிவி கவுன்சிலிலும் அவர்களுக்குத் தோல்விதான். அதைத் தலைப்பு சொல்லாது, 176ஆம் பக்கத்தைத் திறக்க வேண்டும்.

வழக்குத் தொடுத்த பாஸ்கர சேதுபதியின் பெயரும் தலைப்பில் இல்லை. அவர் 1903இல் காலமாகிவிட்டார். 1908இல் எதிர்த்தரப்பாக நிற்கும் ராஜா ராஜேஸ்வர துரை அவருடைய மகன். பாஸ்கர சேதுபதி வழக்கைத் தேடுகிறவர் பெயர் அட்டவணையில் 'பா' வரிசையைப் புரட்டிவிட்டு, அப்படி ஒரு வழக்கே இல்லை என்று முடிவுகட்டிவிடுவார். வழக்கு மேலே ஏற ஏற மனிதர்கள் மாறுகிறார்கள், பெயர்களின் வரிசை புரளுகிறது. எண்கள் மட்டும் நகர்வதில்லை.

*

இதே ராமநாதபுரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு தலைமுறை பின்னே போனால் வேறொரு சுருக்கெழுத்து எதிர்ப்படும்: மதுரைக் கலெக்டர் எதிர் முத்துராமலிங்க சேதுபதி, (1868) 12 எம்.ஐ.ஏ. 397, 436. 'எம்.ஐ.ஏ.' என்பது மூர்ஸ் இண்டியன் அப்பீல்ஸ். எட்மண்ட் மூர் என்ற பாரிஸ்டர் தொகுத்த 14 தொகுதிகள் அவை. 1836இல் தொடங்கி 1872இல் முடிந்தன. அவை நின்ற பிறகு எழுந்ததுதான் மேலே பார்த்த எல்.ஆர். ஐ.ஏ. இரண்டுமே பிரிவி கவுன்சில்தான், ஆனால் முதலாவது தொகுத்தவரின் பெயரில் நடந்தது. அடுத்தது அமைப்பின் பெயரில் நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தீர்ப்புத் தொகுதிகளில் பெரும்பாலானவை இப்படித் தனிமனிதர் பெயரில் இருந்தவை. ஆகவே பழைய அடிக்குறிப்பில் மனிதப் பெயரின் முதலெழுத்து கண்டால் வியக்க வேண்டியதில்லை. காலத்தைச் சொல்லும் அடையாளம் அது.

இந்த வரியில் 397க்குப் பிறகு 436 என்று இன்னொரு எண் இருக்கிறது. முதல் எண் தீர்ப்பு தொடங்கும் பக்கம். இரண்டாவது எண் ஆசிரியர் நம்மைப் பார்க்கச் சொல்லும் பக்கம். நாற்பது பக்கத் தீர்ப்பில் எந்த இடம் என்று காட்டும் விரல் அது. ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் கணவர் இறந்த பிறகு, கணவரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல், சபிண்டர்கள் எனப்படும் நெருங்கிய பங்காளிகளின் சம்மதத்தோடு முத்துராமலிங்கத்தைத் தத்தெடுத்தார். தத்து செல்லாது, வாரிசில்லாத ஜமீன் அரசுக்கே சேர வேண்டும் என்று மதுரைக் கலெக்டர் வழக்காடினார். பிரிவி கவுன்சில் திராவிட நாட்டு வழக்கம் இதை அனுமதிக்கிறது என்று தத்தை ஏற்றுக்கொண்டது. தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிவைத்த சாத்திரத்தையும் விஞ்சும் என்ற கருத்து வரும் இடம்தான் 436. இந்து சட்டத்தைப் பற்றிய நூல்களில் இந்த எண் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான். தலைப்பை மறுபடி பாருங்கள்: கலெக்டர் முதலில் நிற்கிறார். உயர் நீதிமன்றத்தில் அவர்தான் தோற்றிருக்கிறார்.

இரண்டு அடிக்குறிப்புகளையும் அருகருகே வைத்தால் ஒரு குடும்பக் கதை தெரிகிறது. 12 எம்.ஐ.ஏ. 397இல் தத்து செல்லும் என்று சொல்லப்பட்ட முத்துராமலிங்க சேதுபதியின் மகன்தான் பாஸ்கர சேதுபதி. அவர் மகன்தான் 35 ஐ.ஏ. 176இன் ராஜேஸ்வர துரை. 1868இல் தீர்ப்பு வேறு மாதிரி வந்திருந்தால் கமுதிக் கோயிலில் நாடார்களை எதிர்த்து நிற்க இந்த வம்சத்தில் ஓர் அறங்காவலர் இருந்திருக்க மாட்டார். எழுதிய சாத்திரத்தைவிட வழக்கம் பெரிது என்ற வாதம் ஒரு தலைமுறையில் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது. நாற்பது ஆண்டு கழித்து, கோயிலுக்குள் யார் வரலாம் என்பதையும் நீதிமன்றம் வழக்கத்தை வைத்தே முடிவுசெய்தது. அப்போது வழக்கம் நாடார்களுக்கு எதிராக நின்றது. ஜமீன் வரலாறு ஓர் அத்தியாயத்திலும் சாதி வரலாறு இன்னோர் அத்தியாயத்திலும் இருக்கும் நூல்களில் இந்தத் தொடர்பு கண்ணில் படாது. அடிக்குறிப்புகளில் அது அச்சாகிக் கிடக்கிறது.

பக்கத்து ஜமீனான சிவகங்கையின் வழக்கு எண்களிலேயே ஒரு சிக்கலைக் காட்டுகிறது. காத்தம நாச்சியார் எதிர் சிவகங்கை ராஜா, 1863ஆம் ஆண்டுத் தீர்ப்பு. சிலர் 9 எம்.ஐ.ஏ. 539 என்கிறார்கள், சிலர் 9 எம்.ஐ.ஏ. 543 என்கிறார்கள். இரண்டும் ஒரே வழக்குதான். நான்கு பக்க வித்தியாசத்தைக் கண்டு இரண்டு தீர்ப்புகள் என்று பிரித்துவிடக் கூடாது. தொகுதியும் தொடரும் பெயரும் ஒத்துப்போய், பக்கம் மட்டும் சிறிது விலகினால் ஒரே வழக்கென்றே கொண்டு சரிபார்ப்பது நல்லது. ரோமன் எழுத்தில் ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் வழக்குக்கு வழக்கு மாறுவதால் வேறு பிடி கிடையாது. சிவகங்கை 'ஷிவகங்கா' ஆகும். சேதுபதி 'சதுபதி' ஆவார். முத்து 'மூட்டூ' ஆவார்.

*

ஒரே தீர்ப்பு ஏன் இத்தனை இடங்களில் அச்சாக வேண்டும்? 1875ஆம் ஆண்டின் இண்டியன் லா ரிப்போர்ட்ஸ் சட்டத்தில் பதில் இருக்கிறது. அரசின் அதிகாரத்தோடு வெளியாகும் தொகுதியைத் தவிர வேறு அறிக்கையை முன்தீர்ப்பாகக் கேட்க எந்த நீதிமன்றமும் கட்டுப்பட்டதல்ல என்று அது சொன்னது. அதன்படி 1876 முதல் கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய், அலகாபாத் என நான்கு ஐ.எல்.ஆர். வரிசைகள் வந்தன. அதற்கு முன் 1862 முதல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இருந்தது எம்.எச்.சி.ஆர்., மெட்ராஸ் ஹைகோர்ட் ரிப்போர்ட்ஸ். எட்டுத் தொகுதிகளோடு அது இதில் கரைந்தது. அரசுத் தொகுதி நிதானமாக வரும், வந்த தீர்ப்புகளில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். வக்கீலுக்கு நேற்றைய தீர்ப்பு இன்று வேண்டும். அந்த இடைவெளியில்தான் தனியார் ஜர்னல்கள் வளர்ந்தன. 1891இல் மெட்ராஸ் லா ஜர்னல், 1914இல் லா வீக்லி, அடிக்குறிப்பில் எம்.எல்.ஜே., எல்.டபிள்யூ. சட்டம் ஒரு பக்கம் இருக்க, நீதிமன்றங்கள் இவற்றையும் தாராளமாக ஏற்றன. ஆனால் அடிக்குறிப்பில் ஐ.எல்.ஆர். முதலிலும் எம்.எல்.ஜே. பின்னாலும் வருவது 1875இன் அந்தப் படிவரிசையின் மிச்சம்.

தனியார் தொடர்களுக்கு யாரும் பெயர் ஒதுக்கித் தருவதில்லை. அதனால் மூன்றெழுத்துகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. எம்.எல்.ஜே. சென்னையில் மெட்ராஸ் லா ஜர்னல். 1932 முதல் சிங்கப்பூர், மலேயாப் பக்கம் அதே மூன்றெழுத்து மலாயன் லா ஜர்னல். தோட்டத் தொழிலாளரைப் பற்றியோ செட்டியார் லேவாதேவியைப் பற்றியோ எழுதிய நூலில் இரண்டுமே வரலாம்; கட்சிக்காரர் பெயர் இரண்டிலும் தமிழ்ப் பெயராகவே இருக்கும். 'பப்ளிக் பிராசிக்யூட்டர் எதிர் இன்னார்' என்ற தலைப்பும் உதவாது. அன்றைய சென்னையிலும் மலேயாவிலும் குற்ற வழக்கு அப்படித்தான் தலைப்பிடப்பட்டது. எந்தச் சட்டத்தின் பிரிவு பேசப்படுகிறது என்று பார்த்தால்தான் பிரியும். என்.எல்.ஆர். இலங்கை நூலில் நியூ லா ரிப்போர்ட்ஸ். மத்திய இந்திய நூலில் நாக்பூர் லா ரிப்போர்ட்ஸ். எஸ்.சி.சி. இன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் சுப்ரீம் கோர்ட் கேசஸ், 1969 முதல். ஆனால் யாழ்ப்பாணத்துத் தேசவழமை பற்றிய நூலில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வழக்கொன்றின் பின்னால் எஸ்.சி.சி. இருந்தால் அது இலங்கையின் சுப்ரீம் கோர்ட் சர்க்குலர். 1969க்கு முந்தைய ஆண்டோடு எஸ்.சி.சி. வந்தால் கை தானாக நிற்க வேண்டும்.

ஏ.ஐ.ஆர்., ஆல் இண்டியா ரிப்போர்ட்டர், இந்தக் குழப்பத்துக்கு நாக்பூரிலிருந்து வந்த விடை. நாடு முழுவதும் ஒரே தொடர்; தொகுதி எண் கிடையாது. ஆண்டு, மன்றம், பக்கம், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு மன்றத்துக்கும் பக்க எண் தனியாக ஒன்றிலிருந்து தொடங்குகிறது. சண்பகம் துரைராஜன் வழக்கை எடுத்துக்கொள்வோம். வகுப்புவாரி அரசாணைப்படி கல்லூரி இடங்களைப் பகிர்ந்தது செல்லாது என்று 1950 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது: ஏ.ஐ.ஆர். 1951 மெட். 120. உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலில் அதை உறுதிசெய்தது: ஏ.ஐ.ஆர். 1951 எஸ்.சி. 226, உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வத் தொடரில் [1951] எஸ்.சி.ஆர். 525. இரண்டு ஏ.ஐ.ஆர். வரிகளிலும் ஆண்டு 1951தான். ஆண்டை மட்டும் பார்த்து உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் 1951 என்று எழுதினால், அரசியல் சாசனம் நடப்புக்கு வந்து ஆறே மாதத்தில் இந்த மோதல் வெடித்தது என்ற முக்கியமான செய்தி தொலைந்துவிடும். 1951 ஜூனில் முதல் சாசனத் திருத்தம் வந்தது. அதிலிருந்து பின்னோக்கி எண்ணும் வரலாற்றாசிரியருக்கு இந்த ஆறு மாதம் பெரிது.

எஸ்.சி.ஆரில் ஆண்டு சதுர அடைப்புக்குள் இருப்பதற்கும் காரணம் உண்டு. ஆங்கில மரபில் சதுர அடைப்பு என்றால் ஆண்டுதான் தொகுதியின் பெயர். அது இல்லாமல் நூலைக் கண்டுபிடிக்க முடியாது. வளைந்த அடைப்பு என்றால் ஆண்டு வெறும் தகவல். தொகுதி எண் தனியாக இருக்கும். இந்திய அச்சகங்கள் இதை ஒழுங்காகக் காத்ததில்லை. ஆகவே சதுர அடைப்பு கண்டால் நம்பலாம். வளைந்த அடைப்பு கண்டால் பக்கத்தில் தொகுதி எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

*

சட்டங்களின் பெயரை எழுதும் முறை இன்னொரு விதமாகச் சறுக்கும். பழைய நூல்கள் சட்டத்தைப் பெயர் சொல்லி அழைக்காமல் எண் சொல்லி அழைக்கும். சட்டங்களுக்குக் குறும்பெயர் வைக்கும் பழக்கம் நிலைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதுவரை பெயரில்லாமல் கிடந்த பழைய சட்டங்களுக்கு 1897இல் ஒரு சட்டம் போட்டுப் பின்னோக்கிப் பெயர் வைத்தார்கள். எனவே '5ஆம் சட்டம்' என்று ரோமன் எண்ணில் நிற்கும். எந்த ஆண்டு, எந்தச் சட்டமன்றம் என்று பார்க்காமல் அதற்குப் பொருளே இல்லை. 1898இன் 5ஆம் சட்டம் குற்றவியல் நடைமுறை, சி.ஆர்.பி.சி. 1908இன் 5ஆம் சட்டம் உரிமையியல் நடைமுறை, சி.பி.சி. இரண்டும் மத்திய சட்டங்கள். 'மெட். ஆக்ட் 5, 1947' என்றால் கோயில் நுழைவு அனுமதிச் சட்டம். அது சென்னைச் சட்டமன்றத்தினுடையது. 'மெட்.' என்ற முன்னொட்டு அச்சில் உதிர்ந்தால் வாசகர் வேறொரு சட்டமன்றத்தின் பதிவேட்டில் தேடிக்கொண்டிருப்பார்.

'ரெக்.' என்று தொடங்கினால் அது சட்டமன்றங்களுக்கும் முந்தைய காலம். 'ரெக். 25, 1802' என்பது ஜமீன்களை நிரந்தரத் தீர்வைக்குள் கொண்டுவந்த சென்னை ஒழுங்குவிதி. மேலே பார்த்த இரண்டு ஜமீன்களின் வழக்குகளிலும் வேர் அங்கேதான் இருக்கிறது.

பெயரும் எண்ணும் ஒரே ஆண்டைச் சொல்லாமலும் இருக்கலாம். இந்து அறநிலையங்களை ஒரு வாரியத்தின் கீழ் கொண்டுவந்த சட்டத்தின் பெயர் 1926ஆம் ஆண்டு மெட்ராஸ் இந்து சமய அறநிலையச் சட்டம். அதன் எண்ணோ 1927இன் 2ஆம் சட்டம். ஒரு நூலில் 1926, இன்னொரு நூலில் 1927 என்று பார்த்ததும் இரண்டு சட்டங்கள் என்று எண்ணி நடுவில் ஒரு திருத்தத்தைக் கற்பனை செய்யத் தேவையில்லை.

இன்றைய வாசகருக்குப் புதிய சிக்கல் ஒன்று சேர்ந்திருக்கிறது. ஐ.பி.சி., இந்திய தண்டனைச் சட்டம், 1860இன் 45ஆம் சட்டம். அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பி.என்.எஸ்., பாரதிய நியாய சன்ஹிதா, 2023இன் 45ஆம் சட்டம். எண் ஒன்றாக அமைந்தது தற்செயல். ஆனால் ஆண்டு உதிர்ந்த அடிக்குறிப்பில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பிரிவு எண்கள் இன்னும் மோசம். '144 தடை உத்தரவு' என்று ஊரெல்லாம் சொல்வது சி.ஆர்.பி.சி.யின் 144. சி.ஆர்.பி.சி.யின் இடத்துக்கு வந்த புதிய பி.என்.எஸ்.எஸ்.ஸில் தடை உத்தரவு 163ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. 144இல் இப்போது உட்கார்ந்திருப்பது மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கான ஜீவனாம்சம். 1898இன் பழைய சி.ஆர்.பி.சி.யில் அது 488ஆம் பிரிவு, 1973இன் சி.ஆர்.பி.சி.யில் 125ஆம் பிரிவு. ஆக, பிரிவு எண்ணைப் படிப்பதற்கு முன் பக்கத்தில் நிற்கும் சுருக்கெழுத்தைப் படிக்க வேண்டும்; சுருக்கெழுத்து சி.ஆர்.பி.சி. என்றிருந்தால் எந்த ஆண்டு சி.ஆர்.பி.சி. என்றும் கேட்க வேண்டும்.

*

தொகுதி எழுத்துகளைப் போலவே தோன்றி, எந்தத் தொகுதியையும் குறிக்காத எழுத்துகளும் உண்டு. ஓ.எஸ். என்றால் அசல் வழக்கு, ஏ.எஸ். மேல்முறையீடு, எஸ்.ஏ. இரண்டாம் மேல்முறையீடு, சி.ஆர்.பி. உரிமையியல் சீராய்வு மனு. இவற்றின் பின்னால் வருவது பக்க எண் அல்ல, நீதிமன்றக் கட்டின் எண். 'ஐ.ஏ. 35, 2019' என்று இருந்தால் அது இண்டியன் அப்பீல்ஸ் அல்ல, இடைக்கால மனு. 1950க்கு முந்தைய அடிக்குறிப்பில் 'எஸ்.சி.' என்று நின்றால் பெரும்பாலும் 'அதே வழக்கு' என்று பொருள். உச்ச நீதிமன்றம் அப்போது பிறந்திருக்கவில்லை. 'எஃப்.பி.' முழு அமர்வு. 'முத்துசாமி ஐயர், ஜே.' என்று வந்தால் அந்த 'ஜே.' முதலெழுத்து அல்ல, நீதிபதி, 'சி.ஜே.' தலைமை நீதிபதி, 'ஜே.ஜே.' ஒன்றுக்கு மேற்பட்ட நீதிபதிகள்.

நூலோடு வைத்துக்கொள்ள இவ்வளவு போதும்:

எம்.ஐ.ஏ.: மூர் தொகுத்த பிரிவி கவுன்சில் தீர்ப்புகள், 1836–1872.
எல்.ஆர். ஐ.ஏ.: அதன் தொடர்ச்சி, 1950 வரை, தொகுதியோடு 1873ஐக் கூட்டுக.
எம்.எச்.சி.ஆர்.: சென்னை உயர் நீதிமன்றம், 1862 முதல் 1875 வரை.
ஐ.எல்.ஆர். மெட்.: 1876 முதல், 1936 வரை தொகுதியோடு 1877ஐக் கூட்டுக, பி.சி. இருக்கிறதா பார்க்க.
டபிள்யூ.ஆர்.: 1864–1876க்குள் இந்திய வழக்கென்றால் கல்கத்தாவில் சதர்லண்ட் வெளியிட்ட வீக்லி ரிப்போர்ட்டர்; இங்கிலாந்து வழக்கென்றால் அங்குள்ள வேறொன்று.
எம்.எல்.ஜே.: சென்னை, 1891 முதல், மலேயா, 1932 முதல்.
எல்.டபிள்யூ.: லா வீக்லி, சென்னை, 1914 முதல்.
ஏ.ஐ.ஆர்.: ஆண்டு, மன்றம், பக்கம், ஆண்டு அச்சான ஆண்டு.
எஸ்.சி.ஆர்., எஸ்.சி.சி.: இந்திய உச்ச நீதிமன்றம், முறையே 1950 முதல், 1969 முதல், கனடாவுக்கும் எஸ்.சி.ஆர். உண்டு.
என்.எல்.ஆர்.: இலங்கை அல்லது நாக்பூர்.

இந்தப் பட்டியல் முழுவதும் கைவந்த பிறகும் அடிக்குறிப்பு சொல்லாதவை இரண்டு. ஒன்று, தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பது. 35 ஐ.ஏ. 176ஐ எந்த நீதிமன்றமும் அச்சிலிருந்து அழிக்கவில்லை. இன்றும் அதே பக்கத்தில் இருக்கிறது. ஆனால் 1939இல் மதுரை மீனாட்சி கோயில் நுழைவை ஒட்டி வந்த சென்னைச் சட்டமும், பிறகு 1947இன் 5ஆம் சட்டமும் அது கொடுத்த உரிமையைப் பிடுங்கிவிட்டன. சுருக்கெழுத்துக்குப் பிறந்த தேதி உண்டு, இறந்த தேதி கிடையாது. அதனால் எந்தத் தீர்ப்பைப் பிடித்தாலும் அதற்குப் பிந்தைய சட்டத்தையும் சேர்த்துத் தேடியாக வேண்டும்.

இன்னொன்று, அச்சுக்கு வராதவை. கமுதி வழக்கு லண்டன் வரை போனதால் அதற்கு இரண்டு முகவரிகள் கிடைத்தன. கீழ் நீதிமன்றத்தில் முடிந்துபோன வழக்குகளுக்கு ஓ.எஸ். எண் மட்டுமே மிஞ்சும். அதுவும் கட்டு அழிக்கப்படும் வரை. கமுதியிலும்கூட அச்சுத் தொகுதியில் இருப்பது பிரிவி கவுன்சில் பிரபுக்களின் தீர்ப்பு. கோயிலுக்குள் யார் எதுவரை போனார்கள் என்று கூண்டில் ஏறிச் சொன்ன சாட்சிகளின் சொற்கள் விசாரணை நீதிமன்ற ஆவணங்களைச் சேர்ந்தவை. அதனால் ஒரு வரலாற்று நூலை எடைபோட எளிய சோதனை ஒன்று உண்டு. அதன் அடிக்குறிப்புகளில் ஐ.ஏ.வும் ஐ.எல்.ஆரும் மட்டுமே இருந்தால் ஆசிரியர் நூலகத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். நீதிபதிகள் என்ன நினைத்தார்கள் என்பதை அவர் நமக்குச் சொல்ல முடியும். அவற்றோடு ஓ.எஸ். எண்ணும் விசாரணை நீதிமன்றத்தின் பெயரும் சேர்ந்து நின்றால் அவர் ஆவணக் காப்பகத்துக்கும் போயிருக்கிறார். வழக்காடியவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் அவரிடம் எதிர்பார்க்கலாம்.